மதுராந்தகம் பக்கம் தலைப்பாகை கட்டிய சிலை, பீடத்தில் பாதி எழுத்துதான் மிச்சம். யார் இவர்?

ஏரிக்கரை

வணக்கம். அம்மா பிறந்த ஊர் மதுராந்தகத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், கிளைச் சாலையில் இருக்கிறது. ஊருக்குள் திரும்பும் முக்கில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு சிமென்ட் சிலை. தலைப்பாகை, முழங்கால் வரை கோட்டு, மீசை. வலது கை சும்மா கீழே தொங்குகிறது, இடது கையில் சுருட்டிய காகிதம் போல ஏதோ இருக்கிறது. கோட்டுக்கு நீல பெயின்ட். சின்ன வயதில் நாங்கள் பாரதியார் என்று சொல்லிக்கொண்டு அதன் நிழலில் பஸ்ஸுக்கு நிற்போம். போன வாரம் போனபோது ஒரு தாத்தா "அது பாரதி இல்லப்பா, பெரியவர் ஒருத்தர்" என்றார். பெயர் அவருக்கு நினைவில்லை.

பீடத்தின் முன்பக்கம் கருங்கல் பலகையில் மூன்று வரி. மேல் வரியில் "வ" ஒன்று, கொஞ்சம் தள்ளி "ப" ஒன்று, இவை மட்டும் தெளிவு. நடு வரி முழுக்க பெயின்ட் அடைத்துக்கொண்டிருக்கிறது, பாதிக்கு மேல் சிமென்ட் பூச்சு வேறு. கீழ் வரியில் தேதி போல இருக்கிறது, அதில் "-9-19" வரை படிக்க முடிகிறது. பக்கவாட்டில் இன்னொரு பலகை, அதில் ஒரு பெயர் பெரிய எழுத்தில் நன்றாகவே தெரிகிறது. இவர் யார் என்று கண்டுபிடிக்க உதவுங்கள்.

கோமதி நெல்லை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பாரதியார்தான். தலைப்பாகை, கோட்டு, மீசை மூன்றும் இருக்கிறது. மேல் வரி "மகாகவி பாரதியார்". "வி"யும் "பா"வும் அடுத்தடுத்து வருகிறது பாருங்கள், உங்களுக்குக் கிடைத்த இரண்டு எழுத்தும் அதுதான். அவர் மறைந்தது 1921 செப்டம்பர், அதனால்தான் "-9-19". எல்லாம் பொருந்துகிறது. தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள்.

மாட்டுவண்டி

நீலக் கோட்டு என்றால் அம்பேத்கர். இதில் சந்தேகமே வேண்டாம்.

கோமதி நெல்லை

அம்பேத்கர் சிலைக்குத் தலைப்பாகை எங்கே பார்த்தீர்கள்? கண்ணாடி, டை, ஒரு கையில் புத்தகம், இன்னொரு கை முன்னால் நீட்டியிருக்கும். கையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். ஒரு விரல் உயர்ந்தால் அண்ணா, இரண்டு விரல் காட்டித் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இருந்தால் எம்.ஜி.ஆர்., தாடியும் தடியும் இருந்தால் பெரியார். இங்கே கை சும்மா இருப்பதால்தான் உடையை வைத்துப் பாரதி என்கிறேன்.

சுதைவேலை

என் அப்பா, தாத்தா எல்லாரும் சிலை வேலை. நானும் பத்து வருடம் செய்தேன், அதனால் ஒன்று சொல்கிறேன். கோமதி அக்கா சொன்னது பெரிய தலைவர்களுக்குச் சரி, ஏனென்றால் அவர்களுக்கு ஊர் ஊராகக் கேட்பார்கள், நிலை மாறினால் வாங்க மாட்டார்கள். அதிகம் கேட்காத ஒருவருக்குச் சிலை செய்யும்போது கதையே வேறு. ஊர்க்காரர்கள் ஒரு மார்பளவுப் படம் கொண்டு வருவார்கள், அநேகமாகத் தபால் தலையோ பழைய மலரில் வந்த படமோதான். கழுத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பட்டறையில் கோட்டு போட்ட ஓர் உடம்பு அச்சு இருக்கும், அதில் தலையை மட்டும் புதிதாகச் செய்து வைப்போம். அந்தச் சுருட்டிய காகிதத்தை நானே எத்தனையோ பேர் கையில் கொடுத்திருக்கிறேன். சும்மா தொங்கும் கை உடைந்து போகும், எதையாவது பிடித்திருந்தால் உள்ளே கம்பி வைக்க வசதி.

அதனால் ஏரிக்கரை, உடம்பை விடுங்கள், தலையைப் பாருங்கள். பாரதிக்குச் செய்யும்போது மீசையை முறுக்காமல் விட்டால் ஊரே திருப்பி அனுப்பும், நெற்றியில் பொட்டும் கேட்பார்கள். உங்கள் சிலையில் மீசை எப்படி? நெற்றியில் பள்ளமோ மேடோ இருக்கிறதா? அப்புறம், கோட்டில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் அடியில் என்ன நிறம்?

ஏரிக்கரை

அண்ணா, பெரிதாக்கிப் பார்த்தேன். மீசை தடிமன்தான், ஆனால் கீழ் நோக்கி அடங்கி இருக்கிறது, முறுக்கு இல்லை. நெற்றி வெறுமை. முகம் பாரதியைவிட வயதானவர் முகம், கன்னம் தளர்ந்திருக்கிறது. இரண்டாவது பொத்தான் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது. அங்கே நீலத்துக்கு அடியில் கறுப்பு தெரிகிறது.

சுதைவேலை

அப்படியானால் முதலில் கறுப்புக் கோட்டு, நீலம் பிறகு வந்தது. நீலம் அடித்தவர்கள் தங்களுக்கு நெருக்கமானவர் என்று நினைத்து அடித்திருக்கிறார்கள். அது யார் என்று சொல்லாது, யாருடையவர் என்று கொஞ்சம் சொல்லும். முகத்தில் வயது தெரிகிறது என்கிறீர்கள், பாரதி 39 வயது முடியும் முன்னே போய்விட்டார். தளர்ந்த கன்னம் அவருக்கு யாரும் வைக்க மாட்டார்கள்.

தேனிக்காரன்

எனக்கும் இதே போல ஒன்று. எங்கள் பக்கம் ஒரு தோட்டத்து வாசலில் வெள்ளைக்காரர் சிலை, மார்பளவுதான், பெயர் இல்லை, பொங்கலுக்கு மாலை போடுகிறார்கள். யாராக இருக்கும்?

படியெடுப்பவர்

தேனிக்காரன், உங்கள் மாவட்டத்தில் வெள்ளைக்காரருக்குப் பொங்கலன்று மாலை விழுகிறது என்றால் அநேகமாகப் பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணை கட்டியவர், பிறந்தது ஜனவரி 15. எப்போது மாலை விழுகிறது என்பதும் ஒரு சாட்சிதான். படம் போட்டுத் தனி இழை தொடங்குங்கள், பார்க்கிறேன்.

இப்போது மதுராந்தகம் சிலை. நான் கல்வெட்டு படியெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன், பழைய கோயில் கல்தான் பழக்கம், ஆனால் எழுத்து தேய்வது எங்கும் ஒரே மாதிரிதான். கோமதி அவர்கள் "வி", "பா" என்று படித்தது நல்ல யோசனை, முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் செப்டம்பரை நம்ப வேண்டாம். பாரதி மறைந்தது செப்டம்பர் 11. வ.உ.சி. பிறந்ததும் செப்டம்பர் 5, அவருக்கும் தலைப்பாகையோடு படம் உண்டு. பெரியாரும் அண்ணாவும் பிறந்த மாதமும் அதுவே. "9" என்ற ஒற்றை எண்ணை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

ஆனால் உங்களுக்குக் கிடைத்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் நிறையச் சொல்லும். ஏரிக்கரை தம்பி, அடுத்த முறை போகும்போது ஸ்கேல் எடுத்துப் போங்கள். "வ" எவ்வளவு அகலம், "வ" முடியும் இடத்திலிருந்து "ப" தொடங்கும் இடம் வரை எவ்வளவு, இந்த இரண்டு அளவு மட்டும் போதும். "மகாகவி பாரதி" என்றால் இடையில் கொக்கிக்கும் சொல் இடைவெளிக்கும் மட்டுமே இடம் இருக்கும்.

இன்னொன்று. போவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்களிடமும் பஞ்சாயத்துத் தலைவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். சிலைப் பீடத்தில் ஒருவர் இரவில் டார்ச்சோடு நிற்பதைப் பார்த்தால் யாரும் நல்லவிதமாக நினைக்க மாட்டார்கள். எதையும் சுரண்டாதீர்கள், பெயின்டோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும்.

மாட்டுவண்டி

சிலைக்குக் கூண்டு போட யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? எங்கள் தெருவில் இரண்டு முறை கேட்டும் போடவில்லை.

படியெடுப்பவர்

அது வேறு விஷயம் ஐயா. இங்கே ஆள் யார் என்றுதான் பார்க்கிறோம்.

ஏரிக்கரை

போய் வந்தேன். தலைவர் கூடவே ஆள் அனுப்பினார். "வ" சரியாக 2 அங்குலம். "வ" முடிந்து "ப" தொடங்குவதற்கு இடையில் கிட்டத்தட்ட 6 அங்குலம்.

பக்கவாட்டுப் பலகையில் கடைசி வரி "தி.ஆ. 2015 புரட்டாசி 2" என்று இருக்கிறது. அப்படியானால் 2015-இல் வைத்த சிலையா? அது எப்படி முடியும், நான் 90-களிலேயே அங்கே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை ஊரில் கேட்டேன், அவர்தான் சிலையில் இருப்பவர் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

படியெடுப்பவர்

தி.ஆ. என்றால் திருவள்ளுவர் ஆண்டு தம்பி. 31 கழியுங்கள், 1984. உங்கள் நினைவு சரியாகவே இருக்கிறது. பக்கவாட்டில் இருக்கும் அந்தப் பெரிய பெயருக்கு முன்னால் "மாண்புமிகு" இருக்கிறதா, கீழே "அவர்களால் திறந்து வைக்கப்பட்டது" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவர் திறப்பாளர். சிலையில் இருப்பவர் பெயரைவிடத் திறந்து வைத்தவர் பெயர் பெரிதாக இருப்பது நம் ஊரில் சாதாரணம், நாள் போகப் போக ஊரே அந்தப் பெயரைச் சிலைக்கு வைத்துவிடும். நான் பார்த்த தவறுகளில் பாதி இப்படி வந்தவைதான்.

புரட்டாசி செப்டம்பர் 17-ஐ ஒட்டிப் பிறக்கும். ஆகவே புரட்டாசி 2 செப்டம்பர் 18 அளவில் வரும், ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம். சிலையைப் பிறந்த நாளிலோ நினைவு நாளிலோ திறப்பதுதான் வழக்கம். முன்பக்கமும் "9" என்கிறது, இங்கேயும் செப்டம்பர். பாரதிக்கு 11, வ.உ.சி.க்கு 5, இரண்டும் ஒட்டவில்லை.

இனி அந்த 6 அங்குலம். ஓர் எழுத்து 2 அங்குலம், சொல்லுக்குச் சொல் விடும் இடமும் அவ்வளவே என்றால் இடையில் இரண்டு எழுத்துக்கு இடம் மிச்சம் இருக்கிறது. "மகாகவி பாரதி"க்கு இது ரொம்ப அதிகம். "வ"வுக்குப் பின்னால் ஒரு காலும் ஒரு மெய்யும் வந்து, பிறகு "ப"வில் தொடங்கும் அடுத்த சொல். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றுகிறது. "திவான் பகதூர்".

கோமதி நெல்லை

வெள்ளைக்காரன் கொடுத்த பட்டமா? அப்படியானால் பாரதி இல்லவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வ.உ.சி.யும் இல்லை, அவருக்கு வெள்ளைக்காரன் கொடுத்தது சிறையும் செக்கும்தான். ஆனால் "ராவ் பகதூர்" என்றும் இருக்கலாமே? அதிலும் "வ", "ப" வருகிறது. நீலம் அடித்ததைச் சேர்த்துப் பார்த்தால் எம்.சி. ராஜா என்று தோன்றுகிறது. அவர் ராவ் பகதூர், மறைந்தது 1943. அவரும் வடக்குப் பக்கத்துக்காரர்தான்.

படியெடுப்பவர்

நல்ல கேள்வி, பதில் சொல்ல வேண்டியதுதான். "ராவ்" என்றால் "வ" மேல் புள்ளி மட்டும், பக்கத்தில் எழுத்து கிடையாது, சொல் இடைவெளி முடிந்ததும் "ப" வந்துவிடும். 2 அங்குலம், தாராளமாக விட்டால் 3. நமக்கு 6 இருக்கிறது. தேய்ந்த கல்லில் புள்ளி முதலில் போகும், அதை நம்ப முடியாது, இடைவெளி மட்டும் தேயாது.

ஆனாலும் திவான் பகதூர் பட்டம் வாங்கியவர்கள் சென்னை மாகாணத்தில் நிறையப் பேர். அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. என் மனதில் ஒரு பெயர் இருக்கிறது, இப்போது சொன்னால் எல்லாரும் கல்லில் அதையே படிப்பீர்கள். ஏரிக்கரை, இருட்டிய பிறகு நடு வரியைப் பாருங்கள். டார்ச்சைக் கல்லுக்கு நேரே பிடிக்காதீர்கள், பலகையின் இடது ஓரத்தில் கல்லோடு ஒட்டினாற்போல வைத்துச் சாய்வாக அடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழும். ஒரு படம் எடுத்ததும் வலது ஓரம், பிறகு மேலிருந்து. எல்லாப் படமும் ஒரே இடத்தில் நின்று எடுங்கள். இடமிருந்து வரும் வெளிச்சத்தில் குத்துக்கோடு தெரியும், படுக்கைக்கோடு மறைந்துவிடும். மேலிருந்து அடித்தால் நேர்மாறு.

ஏரிக்கரை

நேற்று இரவு எடுத்தேன், அம்மாவும் வந்தார். பகலில் வெறும் நீலப் பூச்சாகத் தெரிந்த இடத்தில் எழுத்துகள் எழுந்து வந்ததைப் பார்த்து அம்மா கல்லைத் தொட்டுக் கும்பிட்டார்.

நடு வரியில் சிமென்ட் பூசாத பகுதியில் "ட்டைம" தெளிவு. அதற்கு அடுத்த எழுத்து எனக்குப் பிடிபடவில்லை, "ல" போல இருக்கிறது, ஆனால் அதன் தலைக்கு மேல் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு. மேல் வரியில் "வ"வுக்குப் பக்கத்தில் கால் இருக்கிறது. கீழ் வரியின் கடைசி எண் 5. முழுசாக "18-9-1945".

சுதைவேலை

அது பழைய "லை" தம்பி. துதிக்கை "லை" என்போம்.

படியெடுப்பவர்

ட்டைமலை. இரட்டைமலை சீனிவாசன். 1945 செப்டம்பர் 18-இல் மறைந்தவர், திவான் பகதூர். பிறந்த ஊர் கோழியாளம், அதுவும் உங்கள் மதுராந்தகம் பக்கம்தான். 1893-இல் "பறையன்" என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவர். சென்னை சட்டசபையில் இருந்தபோது 1924-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம்தான், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் யாரும் போகலாம், யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அவர் சாலை முக்கில் நிற்கிறார். நீங்கள் அவர் நிழலில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறீர்கள்.

கோமதி நெல்லை

பள்ளிக்கூடத்தில் பெயர் படித்திருக்கிறேன், முகம் தெரியாமல் போய்விட்டது. அந்தத் தாத்தாவைப் பற்றி முதலில் எழுதியதற்கு வருத்தப்படுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. பழைய "லை"யை 1978-இல் அரசாணை போட்டு மாற்றிவிட்டார்களே, 1984-இல் திறந்த சிலையில் அது எப்படி வந்தது? பலகை பழையதா, சிலை புதியதா?

சுதைவேலை

அதில் குழப்பமே இல்லை அக்கா. ஆணை வந்தது புத்தகத்துக்கும் அலுவலகத்துக்கும். கல் வெட்டுபவர் கை பழகியபடிதான் வெட்டும். என் தாத்தா கடைசி வரை துதிக்கை போட்டுத்தான் "சிலை" என்று வெட்டினார். பழைய எழுத்து இருந்தால் 78-க்கு முன்னே என்று சத்தியம் செய்ய முடியாது. புதிய "லை" இருந்தால் மட்டும் அதற்கு முன்னே இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம்.

படியெடுப்பவர்

எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை. முன்பலகையும் பக்கப் பலகையும் ஒரே கையா என்று பார்க்க வேண்டும். பக்கப் பலகையில் "லை", "னை", "ணை" எங்காவது வருகிறதா ஏரிக்கரை? "சிலை", "நினைவாக", இப்படி ஏதாவது ஒரு சொல் இருக்கும்.

ஏரிக்கரை

"திருவுருவச் சிலை" என்று வருகிறது ஐயா. அதில் இப்போது நாம் எழுதும் "லை"தான். முன்பக்கம் மட்டும்தான் துதிக்கை.

படியெடுப்பவர்

அப்படியானால் இரண்டு பலகையும் இரண்டு கை. முன்பலகை வேறு ஏதோ பழைய படிப்பகத்திலோ கொடிக்கம்பத்திலோ இருந்து பெயர்த்து வைத்ததாகவும் இருக்கலாம், சுதைவேலை சொல்வது போல வயதான ஒருவர் வெட்டியதாகவும் இருக்கலாம். ஊரில் 84-இல் கமிட்டியில் இருந்தவர் யாராவது இருந்தால் கேளுங்கள்.

சுதைவேலை

ஒரே பட்டறையில் அப்பா ஒரு பலகை, மகன் ஒரு பலகை வெட்டுவதும் உண்டு. எங்கள் வீட்டிலேயே நடந்தது.

ஏரிக்கரை

கமிட்டியில் இருந்தவர்களில் ஒருவர்தான் இருக்கிறார், சென்னையில் மகன் வீட்டில். எண் வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம் உடனே கேட்க வேண்டும். பெயர் தெரிந்ததும் தலைவருக்கு ரொம்ப சந்தோஷம். சிமென்ட் பூச்சை எடுத்துவிட்டு எழுத்துக்கு வெள்ளை பெயின்ட் போட்டுத் தருகிறேன் என்று பெயின்டரைப் பிடித்துவிட்டார். துதிக்கை "லை"யை அப்படியே விடச் சொல்லிவிட்டேன். சிக்கல் பிறந்த தேதியில். "7-7-18" வரை இருக்கிறது, கடைசி இரண்டு எண் இடது வெளிச்சத்தில் 59 போலவும் மேல் வெளிச்சத்தில் 60 போலவும் தெரிகிறது. எதைப் போடச் சொல்வது?

படியெடுப்பவர்

அவருக்கு 1859 என்றும் 1860 என்றும் இரண்டு விதமாகவும் அச்சில் வந்திருக்கிறது, அதனால் வெளியிலிருந்து தெரிந்ததை வைத்து நிரப்பாதீர்கள். 1984-இல் இந்த ஊர் எதை நம்பியது என்பது கல்லில்தான் இருக்கிறது, ஒரு முறை பெயின்ட் நிரப்பிவிட்டால் அது போய்விடும். மற்ற எல்லா எழுத்துக்கும் வெள்ளை போடட்டும். அந்த இரண்டு எண் இருக்கும் இடத்தை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் அடுத்த மாதம் செங்கல்பட்டு வரை வருகிறேன், படித்தாள் கொண்டு வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து படியெடுத்துப் பார்ப்போம்.

ஏரிக்கரை

சரி ஐயா. பெயின்டரிடம் அந்த இடத்தில் ஒரு காகிதம் ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டேன்.